315 பவுனுக்கு ஒரு பதில்

வருமான வரித்துறையின் காரணம் கேட்கும் நோட்டீஸ் நான்கு பக்கம் இருந்தது. அதில் மூன்றரைப் பக்கம் வழக்கமான வாசகம்தான். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம். சோதனையின்போது வீட்டிலும் வங்கி லாக்கரிலும் கண்டெடுத்த தங்க நகைகள், கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை 2,520 கிராம். மதிப்பு 1 கோடியே 26 லட்சம். இதை ஏன் 69ஏ பிரிவின் கீழ் கணக்கில் காட்டாத சொத்தாகக் கருதி, குடும்பத் தலைவரின் வருமானத்தில் சேர்க்கக் கூடாது?

சேர்த்தால் என்ன ஆகும் என்று கட்சிக்காரருக்கு நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்படிச் சேரும் தொகைக்கு அப்போதிருந்த வரி 60 சதவீதம். அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதத்தில் போய் நிற்கும். எந்தக் கழிவும் கிடையாது. அதாவது சுமார் 98 லட்சம், அபராதம் தனி. மதுரைப் பக்கம் பருப்பு மில் வைத்திருக்கும் மனிதர் அவர். (ஊர், எடை, உறவுமுறை போன்ற அடையாளங்களைச் சற்று மாற்றித்தான் எழுதுகிறேன்.) கேட்டுவிட்டு, “நகையவே வித்தாலும் மிச்சம் ஒண்ணும் நிக்காது போல சார்” என்றார்.

சோதனை நடந்தது 2022 டிசம்பரில், மில் கணக்குகளுக்காக. நகை அதில் உபரியாக அகப்பட்டது. வீட்டில் அவர், மனைவி, விதவைத் தாயார், மகன், மருமகள், திருமணமாகாத மகள் என்று ஆறு பேர். சோதனைக்கு வந்தவர்கள் 1,950 கிராமை வீட்டிலேயே விட்டுவிட்டு 570 கிராமை மட்டும் எடுத்துச் சென்றிருந்தார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு விதி உண்டு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11-இல் பிறப்பித்த 1916-ஆம் எண் அறிவுறுத்தல் அது. திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாதவருக்கு 250, ஆணுக்கு 100 வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்கிறது. மூன்று பெண்களுக்கு 1,500, மகளுக்கு 250, ஆண்கள் இருவருக்கு 200.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ‘500 கிராம் வரை கேள்வியே கிடையாது’ என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். அறிவுறுத்தல் பறிமுதலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2010-இல் அந்த அளவுவரை நகைக்கு விளக்கம் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று தாராளமாகப் படித்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2011-இல் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் குடும்பம் நடத்திய ஒரு பெண்மணியின் நகையைச் சீதனமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் சென்னை உயர் நீதிமன்றம் அதை அப்படி விரித்துப் படிக்க மறுத்த தீர்ப்பு இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்லவா வேண்டும்? நோட்டீசும் 570 கிராமோடு நிற்கவில்லை, மொத்த 2,520-க்கும் விளக்கம் கேட்டிருந்தது. அதனால் அறிவுறுத்தலைப் பதிலின் கடைசிப் பத்தியில் ஒரு துணை வாதமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிராமையும் தனியாக நிரூபிப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் முட்டுக்கட்டை கட்சிக்காரரின் வாக்குமூலம். நள்ளிரவு தாண்டிய நேரம். நகையெல்லாம் யாருடையது என்று கேட்டதற்கு, “எல்லாம் நான் சம்பாதிச்சு வாங்கிக் கொடுத்ததுதான்” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பொம்பளையாளுகள வரிசையா நிக்க வச்சுக் கேள்வி கேட்டுருவாங்களோன்னு முந்திக்கிட்டேன் சார்.” அவருடைய நோக்கம் புரிகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்த ஒரு வாக்கியம் ஆறு பேரின் நகையையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டது. 69ஏ பிரிவு ‘உரிமையாளர்’ யாரென்று பார்த்து, அவர் விளக்கம் சொல்லவில்லை என்றால்தான் வரி போடச் சொல்கிறது. எனவே பதிலின் முதல் வேலை, இந்த நகைக்கு ஐந்தாறு உரிமையாளர்கள் உண்டு என்று காட்டுவது. வாக்குமூலம் சாட்சியம்தான், ஆனால் ஆவணத்தால் மறுக்கக்கூடிய சாட்சியம். வெறும் மறுப்பு மனு எழுதிப் பயனில்லை. அவர் பிறந்து சில வருடங்களே ஆனபோது வாங்கிய காசுமாலையை அவர் சம்பாதித்து வாங்கியிருக்க முடியாது என்று காட்டினால் வாக்குமூலம் தானாகவே விழும்.

அந்தக் காசுமாலை தாயாருடையது. எண்பதைத் தாண்டியவர். “ஏந் தம்பி, எங்க ஆத்தா போட்ட நகைக்கு இப்பப் போயி பில்லு கேக்குறாகளே, கேக்குறவுகளுக்கு நாயமா இருக்கா?” என்றார். பில் இல்லை. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் கணவர் ஒழுங்கான ஆள். மனைவி பெயரில் 1992 வரை செல்வ வரிக் கணக்குத் தாக்கல் செய்து வந்திருக்கிறார். பிறகு விலக்கு வரம்பு 15 லட்சமாக உயர்ந்ததும் நிறுத்திவிட்டார். அந்த வரியே 2015 பட்ஜெட்டோடு ஒழிந்துபோனது. பழைய காகிதமென்று பலர் வீட்டில் எடைக்குப் போட்டிருப்பார்கள். இங்கே 1991-இல் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் கொடுத்த அறிக்கையின் கார்பன் நகலே இருந்தது. காசுமாலை, கெம்புக்கல் அட்டிகை, இரட்டைவடச் சங்கிலி, கங்கணம் என்று ஒவ்வொன்றுக்கும் மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை. கூட்டினால் 720 கிராம், 90 பவுன். நகையை அரசாங்கத்திடம் முப்பது வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று எது?

ஆனால் 90 பவுனையும் அப்படியே இன்றைய கையிருப்பாகக் காட்டவில்லை. 1996-இல் மகளைக் கட்டிக்கொடுத்தபோது அதிலிருந்து 20 பவுன் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்த மகளிடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி வைத்து, மீதம் 70 பவுன், 560 கிராம் என்று எழுதினேன். கட்சிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. நமக்குச் சாதகமாக இருப்பதை நாமே ஏன் குறைக்க வேண்டும் என்றார். 1996 கல்யாணத்துக்கு நகை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி ஒரு கேள்வி கேட்டால் போதும், 90 பவுன் வாதம் முழுவதும் ஆட்டம் காணும். கழித்துக் காட்டிய பட்டியலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அடுத்தது மனைவியின் நகை. 1992 கல்யாணம். பெண்ணின் தகப்பனார் கையால் எழுதிய சீர்ப் பட்டியல் கிடைத்தது. கோடு போட்ட நோட்டு, ஊதா மை. ‘ஆரம் ஒன்று பவுன் 12’ என்ற வரிக்குக் கீழே ‘பித்தளை அண்டா ஒன்று’, அதற்குக் கீழே ‘நெக்லஸ் பவுன் 6¼’, அடுத்து ‘குத்துவிளக்கு ஜோடி’. தங்கம் 80 பவுன். இந்தக் கலவைதான் அதன் பலம். வரித்துறைக்காகத் தயாரித்த பட்டியலில் அண்டாவும் கட்டில் மெத்தையும் இருக்காது. எடையும் பவுன், கால் பவுன் என்றுதான் இருந்தது. மூன்று தசமத்துக்குக் கிராம் எழுதியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். கல்யாண ஆல்பத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். புகைப்படம் எடையைச் சொல்லாது, ஆனால் பட்டியலில் எழுதிய ஆரம் அன்றைக்குக் கழுத்தில் இருந்தது என்று சொல்லும்.

சீர்ப் பட்டியலை வைக்கும்போது ஒரு கவனம் தேவை. பதிலில் எங்கும் ‘மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடி’ என்ற தொனி வந்துவிடக் கூடாது. வரித்துறைக்கு எழுதியது வரதட்சணை வழக்கில் வந்து நிற்கும். பெண்ணுக்குப் பெற்றோர் மனமுவந்து கொடுத்தது, அவளுக்கே உரிமையான சீதனம் என்றுதான் எழுத வேண்டும். உண்மையும் அதுவாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளே, மணமக்களுக்கு வரும் பரிசுகளுக்கு எழுத்தில் பட்டியல் வைக்கச் சொல்கின்றன. பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியொரு பட்டியல் வைத்த வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் பின் வாங்கியதற்கு மனைவி ஒரு பிஸ்கட் டின் நிறைய பில் வைத்திருந்தார். 25 பவுனுக்கு முறையான பில். டின்னின் அடியில் இன்னொரு வகைச் சீட்டும் இருந்தது: ‘எஸ்டிமேட்’. கடை முத்திரை, கிராம், சேதாரம், செய்கூலி, மொத்தம் எல்லாம் இருக்கும். வரி எண் இருக்காது, பில் எண்ணும் இருக்காது. வரியை மிச்சம் பிடித்ததாக நினைத்து வாங்கிவரும் இந்தச் சீட்டு, பத்து வருடம் கழித்து இப்படி ஒரு நாளில் கையைக் கடிக்கும். பில் என்று சொல்லி இதை வைக்க முடியாது. நான் வேறு வழியாகப் போனேன். சீட்டில் தேதி இருந்தது. அந்தத் தேதிகளை ஒட்டி மில் கணக்கில் முதலாளியின் சொந்தச் செலவுப் பற்று இருக்கிறதா என்று கணக்கரைத் தேடச் சொன்னேன். 6 பவுனுக்குரிய சீட்டுகளுக்கு, அதே வாரத்தில் வங்கியிலிருந்து எடுத்த பணமும் பேரேட்டில் ‘நகை வகை’ என்று எழுதிய பற்றும் கிடைத்தன. நகை வாங்கியதற்குச் சீட்டு பலவீனமான சாட்சி. ஆனால் பணம் எங்கிருந்து போனது என்பதற்குப் பேரேடு பலமான சாட்சி. அதிகாரிக்கு வேண்டியது இரண்டாவதுதான். பேரேட்டில் துணை கிடைக்காத சீட்டுகளை டின்னிலேயே விட்டுவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவர் உதவிக்கு வந்தார். பழக்கமான கடையில் பழைய பில் ‘போட்டுத் தருவார்கள்’ என்று ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்தும் காட்டினார். 1999 தேதி. காகிதத்தைத் தேநீரில் நனைத்தது போல் பழுப்பாக்கியிருந்தார்கள். தலைப்பில் 33 என்று தொடங்கும் பதினோரு இலக்க டின் எண். தமிழ்நாட்டில் வாட் வரியே 2007 ஜனவரியில்தான் வந்தது. 1999 பில்லில் அந்த எண் எப்படி வரும்? அதிகாரிகளுக்கு இது தெரியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு போலி பில் மாட்டினால் டிரங்குப் பெட்டியிலிருந்த நிஜ ஆவணமும் சந்தேகத்துக்கு ஆளாகும், கிரிமினல் வழக்கும் சேரும். அந்த பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அவரை அனுப்பினேன்.

அதிகம் போராட வேண்டி வந்தது மருமகளின் நகைக்கு. 2019 கல்யாணம்தான், ஆவணம் எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்தோம். கிடைக்கவும் செய்தது. சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போட்டது 76 பவுன். அதில் 42 பவுனுக்கு வாட் காலத்து பில், ஜிஎஸ்டி பில், நகைச் சீட்டு கட்டிய அட்டைகள் என்று கோர்த்து வைத்திருந்தார். பாக்கி 34 பவுன் அவர் மனைவி தம் நகையிலிருந்து மகளுக்குக் கொடுத்தது. இருவரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். மாமன், சித்தப்பா, அத்தை வகையில் பெண்ணுக்கு வந்த 15 பவுன் மண்டபத்தில் எழுதிய மொய் நோட்டில் இருந்தது. நூறு, இருநூறு ரூபாய் மொய்களுக்கு நடுவே ‘தாய்மாமன், செயின் 3 பவுன்’ என்று வரிசை பிசகாமல், ஒரே பேனாவில். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வரும் பரிசுக்கு, கொடுத்தவர் உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி இல்லை என்று 56-ஆவது பிரிவே விலக்குக் கொடுக்கிறது.

சிக்கல் நான்கு வளையலில் வந்தது. பறிமுதலான 570 கிராமில் அவையும் இருந்தன, 88 கிராம். துறையின் மதிப்பீட்டாளர் உட்புறத்தில் எச்யுஐடி குறியைப் பார்த்துக் குறித்திருந்தார். ஹால்மார்க் நகைக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கும் ஆறு எழுத்து அடையாளம் அது; 2021 ஜூலைக்குப் பிறகு வந்தது. அதிகாரி நேரடியாகவே கேட்டார்: “2019 கல்யாண நகைங்கறீங்க, 2022-ல முத்திரை குத்தியிருக்கு. மீதிப் பட்டியலை மட்டும் நான் எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. மருமகளைக் கேட்டபோது, கல்யாணத்துக்குப் போட்ட ஆரம் கனமாக இருக்கிறது என்று 2022 செப்டம்பரில் கடையில் கொடுத்து வளையலாக மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். வீட்டில் யாருக்கும் இது ஒரு சம்பவமாகவே தோன்றவில்லை. நல்லவேளையாக முறையான கடை. பில்லில் பழைய தங்கம் 96 கிராம் வரவு, புது வளையல் 88 கிராம் பற்று, எட்டு கிராமின் மதிப்பு செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டிக்குச் சரிக்கட்டியது என்று இருந்தது. எச்யுஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அதே கடையின் பெயர் வந்தது. 96 கிராம் ஆரத்துக்குச் சம்பந்தியின் 2018 பில் இருந்தது, கல்யாணப் படத்திலும் ஆரம் தெரிந்தது. ஆரத்தின் பில், படம், மாற்று பில், குறி நான்கையும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன். மருமகள் கணக்கையும் 76 பவுன் என்று விடாமல், மாற்றியதில் கரைந்த ஒரு பவுனைக் கழித்து 600 கிராம், மொய் 120, ஆக 720 என்று திருத்தினேன். பழைய நகையைக் கொடுத்து மாற்றுவதும் சட்டப்படி ஒரு விற்பனைதான், மூலதன ஆதாயம் வரும் என்பதையும் நானே எழுதிவிட்டேன். அவருக்கு வேறு வருமானம் இல்லை, ஆதாயம் விலக்கு வரம்புக்குள் அடங்கிவிட்டது.

மகளின் 25 பவுன் காதணி விழாவிலும் 2013 மஞ்சள் நீராட்டிலும் வந்தது. இவை கல்யாணம் அல்ல, அதனால் கல்யாண விலக்கு பொருந்தாது. உறவினர் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். தாய்மாமன், அத்தை, பாட்டி எல்லோரும் சட்டத்தின் உறவினர் பட்டியலில் வருகிறார்கள். தகப்பனாரின் வியாபாரச் சிநேகிதர்கள் வரமாட்டார்கள். அந்த விழாக்களின் மொய் நோட்டில் 22 பவுன் உறவு வழியாகத் தேறியது. 3 பவுன் ஊர்ப் பெயரும் கடைப் பெயருமாக மட்டும் இருந்தது. யாரென்று கட்சிக்காரருக்கே நினைவில்லை. இருந்தும் அந்த 25 பவுனையும் பதிலில் சேர்த்தேன், நோட்டு உண்மையானது என்பதால். ஆண்களின் சங்கிலி, மோதிரம் 14 பவுனுக்கு பில்லும் மொய்யும் இருந்தன, சிரமமில்லை.

எல்லாம் கூட்டினால் 2,480 கிராம். பாக்கி 40 கிராம், 5 பவுன். இதற்கு எதுவும் இல்லை. தாயார் பங்கில் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் என்ன என்று கட்சிக்காரர் கேட்டார். 1991 அறிக்கையில் எடை அச்சாக இருக்கும்போது எப்படிக் கூட்டுவது? விளக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய வரியைக் கட்டத் தயார் என்று எழுதினோம். பஞ்சநாமாவில் ‘செயின் 14, வளையல் 22’ என்று மொத்தமாகத்தான் எழுதியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நகைக்கும் எண் கொடுத்து, உரிமையாளர், ஆவணம், பக்கம் என்று நாங்களே ஓர் அட்டவணை போட்டு இணைத்தோம். அதிகாரி பதிலைவிட அந்த அட்டவணையைத்தான் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளரைத் திரும்ப வரவழைத்து, காசுமாலையையும் அட்டிகையையும் 1991 அறிக்கையோடு நிறுத்துப் பார்க்கச் சொன்னார். காசுமாலையில் அரை கிராம் குறைந்திருந்தது, தேய்மானம்.

உத்தரவில் அவர் சேர்த்தது 64 கிராம். நாங்கள் ஒப்புக்கொண்ட 40, மகளின் கணக்கில் கொடுத்தவர் தெரியாத 24. கிராம் ஐயாயிரம் வீதம் 3 லட்சத்து 20 ஆயிரம். வரி 2 லட்சத்து 49 ஆயிரத்து 600. 1916 அறிவுறுத்தலைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. அந்த 24 கிராமுக்கு மேல்முறையீட்டில் வாதம் இருக்கிறது, நோட்டின்படி அது 2013-இல் வந்தது, 2022 வருமானம் அல்ல என்று சொல்லலாம் என்றேன். கட்சிக்காரர் கணக்குப் போட்டார். ஜெயித்தால் மிச்சமாவது தொண்ணூறாயிரத்துச் சொச்சம். அதுவரை வழக்கு நிலுவை என்று சொல்லிப் பறிமுதல் நகையைத் திருப்பித் தர இழுத்தடிப்பார்கள். வரியைக் கட்டிவிட்டு 570 கிராமையும் எடுத்துக்கொள்வோம் என்றார். மருமகளும் அதையே சொன்னார். வளையலுக்கு இன்னும் செய்கூலியே முழுசாகக் கழியவில்லையாம்.